x² + x + 1 = 0 என்று தொடங்கி 3 = 0 என்று முடித்த மாணவி

தேனி டியூஷன்:
பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கலப்பெண்கள் நடத்துகிறேன். x³ = 1 என்று போர்டில் எழுதியதும் எல்லாரும் x = 1 என்று போட்டுவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்கள். x³ − 1 = (x − 1)(x² + x + 1) என்று காரணிப்படுத்திக் காட்டினேன். இரண்டாவது காரணியில் b² − 4ac = 1 − 4 = −3. அதனால் x = (−1 ± i√3)/2. ஆக மூன்று மூலங்கள். ஒன்றை ω என்றால் மற்றது ω².

மறுநாள் ஒரு மாணவி நோட்டோடு வந்தாள். x² + x + 1 = 0 என்பதை x ஆல் வகுத்து x + 1 + 1/x = 0 என்று எழுதியிருந்தாள். முதல் வரிப்படி x + 1 = −x². அதை இங்கே போட்டால் −x² + 1/x = 0, அதாவது x³ = 1, எனவே x = 1. அதை முதல் வரியில் போட்டால் 3 = 0. "எந்த வரி சார் தப்பு?" என்று கேட்டாள். உங்களிடம் யாராவது இதைக் கொண்டுவந்திருக்கிறார்களா?

செல்வி, கோவை:
எங்க காலேஜ்ல ஒரு தடவை வந்துச்சு. x ஆல் வகுத்ததுதான் தப்பு. x பூச்சியமா இருந்தா வகுக்கவே கூடாதே.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்:
பொதுவாக அந்த எச்சரிக்கை சரிதான் அம்மா. ஆனால் இங்கே x = 0 போட்டால் 1 = 0 ஆகிவிடும். பூச்சியம் மூலமே இல்லை, வகுத்ததில் குற்றமில்லை.

பிரதியிட்ட இடத்தைப் பாருங்கள். x² + x + 1 ஐ E என்போம். அந்தப் பெண் செய்தது E/x இலிருந்து E ஐக் கழித்ததுதான். அது E(1 − x)/x. சத்தமில்லாமல் (1 − x) என்ற காரணி உள்ளே வந்துவிட்டது. E பூச்சியமானால் இதுவும் பூச்சியம், ஆனால் இது பூச்சியமானால் E பூச்சியமாக வேண்டிய கட்டாயமில்லை. x = 1 வந்தது அந்தப் புதுக் காரணியிலிருந்து. ω, ω² இரண்டும் x³ = 1 இல் பத்திரமாகத்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் 1 ஐ மட்டும் எடுத்த வரியில்தான் கோளாறு.

என் மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். மெய்யெண்களுக்குள் நின்று பார்த்தால் அந்தப் பெண் எழுதியதில் ஒரு வரியும் தப்பில்லை! அங்கே x³ = 1 என்றால் x = 1 மட்டும்தான். முடிவில் 3 = 0 வந்ததால், x² + x + 1 = 0 க்கு மெய் மூலம் கிடையாது என்று அவள் நிரூபித்துவிட்டாள். −3 ஐத் தொடாமலே.

கோடிங் கார்த்தி:
பைத்தான்ல `1 ** (1/3)` போட்டா 1.0 மட்டும்தான் வருது. அப்ப ஒரே விடைதானே?

செல்வி, கோவை:
அது கனமூலம் ஒன்னை மட்டும் கணக்குப் போடுது தம்பி, சமன்பாட்டைத் தீர்க்கல. `numpy.roots([1, 0, 0, -1])` போட்டுப் பாருங்க, மூணும் வரும்.

லைன்மேன் மகன்:
நான் எலக்ட்ரிகல். எங்களுக்கு ω இல்லை, அதையே a என்போம். R, Y, B மூன்று ஃபேஸும் 120 டிகிரி தள்ளி நிற்கும். லோடு சமமாக இருந்தால் 1 + a + a² = 0, நியூட்ரலில் கரண்ட் இல்லை. ஒரு கடையில் மூன்று ஃபேஸிலும் சாதா ஹீட்டர் லோடு, 10, 10, 4 ஆம்பியர். அந்த 4 ஐயும் 10 என்று வைத்துக் கூட்டினால் பூச்சியம், அதிகமாகச் சேர்த்த 6 ஐக் கழித்தால் நியூட்ரலில் 6 ஆம்பியர். டாங் டெஸ்டரிலும் ஏறக்குறைய அதுதான் காட்டியது.

கம்ப்யூட்டர் நிறைய உள்ள கட்டடத்தில் இந்தக் கணக்கு நம்பிக்கை தராது. அங்கே மூன்றாம் ஹார்மோனிக் வரும். அதற்கு கோணம் மும்மடங்கு, a³ = 1 ஆகிவிடும். மூன்று ஃபேஸும் ஒரே திசையில் கூடி நியூட்ரல் சூடாகும். லோடு சமமாக இருந்தும் சூடாகும்.

ஒரு சந்தேகம்: a என்பதில் எந்த மூலத்தை எடுக்க வேண்டும்? நாங்கள் +i உள்ளதை எடுக்கிறோம்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்:
இயற்கணிதம் இரண்டையும் பிரித்துப் பார்க்காது. எதை ω என்றாலும் மற்றது அதன் வர்க்கம். சுழலும் திசையை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள்.

தேனி டியூஷன்:
ஐயா, மெய்யெண் விளக்கத்தை அவளிடம் சொன்னேன். உடனே x³ + x² + x + 1 = 0 ஐ எடுத்து அதே வழியில் x⁴ = 1 வரை போய்விட்டாள். x = 1 போட்டால் 4 = 0 வருகிறது, அதனால் இதற்கும் மெய் மூலம் இல்லையா என்றாள். −1 ஐப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். x³ = 1 இலும் x⁵ = 1 இலும் வேலை செய்யும் வழி x⁴ = 1 இல் ஏன் தடுமாறுகிறது என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.