மண் ஈரமாய் இருக்க இலை ஏன் வாடியது? என் கறிவேப்பிலையின் மூன்று வாரம்

பட்டர்வொர்த் மாடிவீடு

நான் எட்டாவது மாடியில் இருக்கிறேன். பால்கனியில் 15 லிட்டர் தொட்டியில் ஆறு வருஷமாக ஒரு கறிவேப்பிலை. அப்பாவோட பழைய தோட்டத்து நண்பர் வந்தவர், "இது செம்பனைக்குப் போடுறது, நல்லா செழிக்கும்"னு சிவப்பா உப்புக்கல் மாதிரி ஒரு பொட்டலம் கொடுத்துட்டுப் போனார். அரை மங்கு எடுத்துத் தொட்டியைச் சுத்தித் தூவி, தண்ணி ஊத்தினேன். அன்னைக்கு மத்தியானமே இலையெல்லாம் தொங்கிடுச்சு. தாகம்னு நினைச்சு சாயங்காலம் இன்னும் ஊத்தினேன். காலையில கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது, பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் தொங்கல். மூணாவது நாள் இலை நுனி பழுப்பாகிடுச்சு.

விரலை விட்டுப் பார்த்தா மண் நல்லா ஈரம். ஈரத்துல நிக்கிற செடி எப்படி வாடும்? யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

கோலாலம்பூர் நீர்த்தோட்டம்

அக்கா, தண்ணி அதிகமாகி வேர் அழுகிடுச்சு. ஈர மண்ணுல வாடுற செடி பத்துல ஒன்பது அதுதான். மூச்சு விட முடியாத வேர் தண்ணியை உள்ளே விடாது. செடியைத் தொட்டியோட தூக்கி, வேரை முகர்ந்து பாருங்க. சாக்கடை வாடை வந்தா முடிஞ்சுது.

பட்டர்வொர்த் மாடிவீடு

தூக்கிப் பார்த்தேன் தம்பி. வேர் வெள்ளையா இருக்கு, நுனி மட்டும் கொஞ்சம் பழுப்பு. வாடை இல்லை, மண் வாசம்தான்.

சுங்கை பாக்காப் ஐயா

அந்தச் சிவப்புக் கல் பொட்டாஷ் அம்மா. எம்ஓபின்னு சொல்லுவோம். நான் இருபத்தஞ்சு வருஷம் தோட்டத்துல உரம் போட வெச்சவன். ஒரு செம்பனைக்கு வருஷத்துக்குக் கிலோக்கணக்குல போகும், ஆனா அது ஒரு வீடு அளவு நிலத்துல பரவி, மழையில கரைஞ்சு, மரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா சேரும். தண்டை ஒட்டிக் கொட்டினா மண்டோர்கிட்ட திட்டு கிடைக்கும். நீங்க அரை மங்கை ஒரு வாளி மண்ணுல போட்டுட்டீங்க.

புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியர்

படிவம் ஆறு மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஐயா சொன்னதை எண்ணாக்கிக் காட்டுகிறேன், ஏனென்றால் எண்ணைப் பார்த்தால்தான் திகைப்பு வரும்.

அரை மங்கு சுமார் 100 கிராம் என்று வைப்போம். பொட்டாசியம் குளோரைடில் அது 1.3 மோல். உங்கள் தொட்டி மண் நனைந்தால் சுமார் 5 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கரைந்ததும் ஒவ்வொரு துகளும் பொட்டாசியம், குளோரைட் என்று இரண்டாகப் பிரியும். அப்படியானால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 0.54 மோல் துகள்கள். நம் ஊர் வெயிலில், 30 பாகை வெப்பத்தில், அந்த நீரின் நீரியல்திறன், அதாவது நீர் எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சொல்லும் அளவு, சுமார் மைனஸ் 1.35 மெகாபாஸ்கல். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஆறு மடங்கு இழுவையை அந்த உப்பு நீருக்குக் கொடுத்திருக்கிறது.

நல்ல ஈர மண் சுழியத்துக்கு மிக அருகில் இருக்கும். மத்தியானத்தில் இலையின் நீரியல்திறன் மைனஸ் 1 பக்கம் இறங்கும். நீர் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்குத்தான் போகும். சாதாரண நாளில் மண்ணிலிருந்து இலைக்குப் போக அந்தச் சரிவு போதும். உங்கள் தொட்டியில் மண்ணே இலையைவிடக் கீழே இறங்கிவிட்டது. தண்ணீர் இருக்கிறது, செடிக்கு அது எட்டாத பள்ளத்தில் இருக்கிறது. வேர்ச் செல்லின் சவ்வு நீரை விடும், உப்பை எளிதில் விடாது. அதனால் வேரில் இருக்கும் நீரும் வெளியே கசிய ஆரம்பிக்கும்.

இன்னொன்று: தொட்டி பாதி காய்ந்தால் உப்பு அதே அளவு, நீர் பாதி. மைனஸ் 2.7 ஆகிவிடும். தண்ணீர் ஊற்றி ஒரு நாள் விடுவதும், பிறகு மறுபடி ஊற்றுவதும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் உண்டாக்கும்.

கணக்கில் ஒரு எச்சரிக்கை. பொட்டாசியத்தில் ஒரு பகுதி மண்ணில் ஒட்டிக்கொள்ளும், தொட்டியின் அடியிலும் சிறிது வடிந்திருக்கும். ஆகவே உப்பின் உண்மையான இழுவை இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

ஆயர் ஈத்தாம் சேம்பு

சார், நீங்க இலை இழுக்குதுன்னு சொல்றீங்க. ஆனா எங்க வீட்டுச் சேம்பு இலையில தினமும் விடியல்ல விளிம்பு முழுக்கத் தண்ணி முத்து முத்தா நிக்குது. பனி இல்லை, அது இலைக்குள்ளிருந்து வருது, துடைச்சாலும் திரும்ப வருது. அப்போ வேர்தானே தள்ளுது? இலை இழுக்குதுன்னா இரவுல வெயில் இல்லாம எப்படி?

புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியர்

நீங்கள் பார்த்தது உண்மை, தம்பி. அது வேரழுத்தம். இரவில் இலைத்துளைகள் மூடி ஆவி போவது குறைந்ததும், வேர் உப்புகளை உள்ளே சேர்க்கிறது, நீர் சவ்வூடு பரவலால் பின்னால் வருகிறது, தள்ளுகிறது. ஆனால் அந்தத் தள்ளலின் அளவு பெரும்பாலும் 0.1, 0.2 மெகாபாஸ்கல். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.01 தேவை, 0.2 இருந்தால் இருபது மீட்டர் ஏற்றும், அதுவும் வழியில் உராய்வே இல்லை என்றால். சபாவின் டானும் பள்ளத்தாக்கில் இருக்கும் 100 மீட்டர் மெராந்தி மரத்துக்கு உயரத்துக்கு மட்டுமே 1 மெகாபாஸ்கல் வேண்டும்.

பகலில் வேலை செய்வது இலைதான். பினாங்கில் மத்தியான காற்று 70 விழுக்காடு ஈரப்பதமாக இருந்தாலும் அதன் நீரியல்திறன் மைனஸ் 50 வரை போகும். இலைச் செல்லின் சுவரிலுள்ள நீரை அது இழுக்க, அந்த இழுவை, நீரை மேலேற்றும் சைலம் குழாயின் நீர்ச் சரடு வழியாக அறுபடாமல் வேர்வரை போகிறது. 1894இல் டிக்சன், ஜோலி இருவரும் இதை முன்வைத்தார்கள். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால்தான் சரடு அறுவதில்லை.

இப்போது உங்கள் சேம்பிடம் ஒரு சோதனை செய்யலாம், ஆனால் செடியைக் கொல்லாமல். ஒரு சின்ன நாற்றுத் தொட்டியில் மட்டும் மிக லேசான உப்பு நீர் ஊற்றுங்கள். வெளியே உப்பு இருந்தால் நீர் வேருக்குள் எளிதில் வராது, விடியலில் முத்துகள் வருவது நின்றுவிடும்.

ஆயர் ஈத்தாம் சேம்பு

செஞ்சு பார்த்தேன் சார். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரே தடவை. அடுத்த விடியல்ல ஒரு முத்துகூட இல்லை, பக்கத்துத் தொட்டியில வழக்கம்போல நின்னுது. நான் தள்ளுதுன்னு சொன்னது பாதிதான் சரி, ஒத்துக்கிறேன்.

ஜெலுத்தோங் மணிபிளான்ட்

எனக்கு ஒரு சந்தேகம், எங்க வீட்டு ஏர்கோன் குழாயில சொட்டுற தண்ணியைத்தான் நான் மணிபிளான்ட்டுக்கு ஊத்துறேன். அதுல உப்பே இல்லைன்னா செடி வாடாதா? போன மாசம் இலை மஞ்சளாச்சு.

புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியர்

அம்மா, அது வேறு விஷயம். ஏர்கோன் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை, வேர் அதை எளிதாக எடுக்கும். சத்து கொண்டுவராது, அதுதான் குறை. மஞ்சளுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் பட்டர்வொர்த் அம்மா தொட்டி மண்ணிலிருந்து உப்பைக் கழுவி வெளியேற்ற அந்தத் தண்ணீர் நல்லது.

கோலாலம்பூர் நீர்த்தோட்டம்

அக்கா, நான் முதல்ல சொன்னது உங்க தொட்டிக்குப் பொருந்தலை. எங்க ரசாயனக் கரைசல்ல உப்பு அளவைக் காட்டுற மின்கடத்தல் மீட்டர் 2.5 காட்டுறது கீரைக்கு வழக்கம். சார் சொன்ன நீரியல்திறனா மாத்திப் பார்த்தா அது மைனஸ் 0.09தான் வருது. உங்க தொட்டி அதைப் போல பதினஞ்சு மடங்கு. மீட்டர் இருக்கா?

பட்டர்வொர்த் மாடிவீடு

இல்லை தம்பி. மீட்டர் இல்லாம தெரிஞ்சுக்க முடியுமா?

புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியர்

உருளைக்கிழங்கு இருக்கிறதா? விரல் நீளக் குச்சிகளாக இரண்டு வெட்டுங்கள். ஒன்றைக் குழாய்த் தண்ணீரில், இன்னொன்றைத் தொட்டியின் அடியில் வடிந்த நீரில் போடுங்கள். ஒரு மணி நேரம். கிழங்கின் நீரியல்திறன் மைனஸ் அரைக்குச் சற்றுக் கீழே இருக்கும். வடிந்த நீர் அதைவிடத் தாழ்ந்திருந்தால் குச்சி தளர்ந்துபோகும், இல்லாவிட்டால் விறைப்பாக நிற்கும். வகுப்பில் தராசு வைத்து எடையும் பார்ப்போம், ஆனால் விரலில் வளைத்துப் பார்த்தாலே தெரியும்.

பட்டர்வொர்த் மாடிவீடு

சார், குழாய்த் தண்ணியில இருந்தது மொடமொடன்னு உடையுது. வடிநீர்ல இருந்தது ரப்பர் மாதிரி வளையுது. என் கண் முன்னாலயே.

கழுவ ஆரம்பிச்சிட்டேன். குளியலறையில வெச்சு, மெதுவா, தொட்டி அளவு தண்ணியை மூணு தடவை, 45 லிட்டர். ஒரே நாள்ல இல்லை, காலையும் மாலையுமா. அதுல சிவப்பு உரம் மேல் மண்ணுல இன்னும் கரையாம இருந்ததைக் கரண்டியால அள்ளி எடுத்துட்டேன்.

சுங்கை பாக்காப் ஐயா

கழுவினதும் ஒரு வாரம் உரமே வேண்டாம். வெயிலும் வேண்டாம், சுவர் ஓரமா நிழல்ல வையுங்க. வேர் கொஞ்சமா எடுக்கும்போது இலை அதிகமா இழுக்கக்கூடாது.

பட்டர்வொர்த் மாடிவீடு

மூணு வாரம் ஆச்சு. மறுபடி கிழங்குக் குச்சி வெச்சேன், வடிநீர்லயும் உடையுது. அடியில ரெண்டு இடத்துல புதுத் துளிர். பழைய இலை நிறைய உதிர்ந்துடுச்சு. ஆனா வலது கிளை ஒண்ணு மட்டும் அப்படியே காய்ஞ்சு நிக்குது, துளிரே இல்லை. மண் சரியாகிட்டா அதுவும் சரியாகணுமில்லையா?

புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியர்

மண்ணுக்கும் கிளைக்கும் இடையில் குழாய் இருக்கிறதே அம்மா. இழுவை அளவு மீறினால் நீர்ச் சரடு அறுந்து, குழாய்க்குள் காற்றுக்குமிழி அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு மண் எவ்வளவு நல்லதானாலும் அந்தக் குழாய் வழியே நீர் ஏறாது. இரவில் வேரழுத்தம் அந்தக் குழாயை மறுபடி நீரால் நிரப்புமா, எந்தச் செடியில் எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அது மட்டும் காரணமா, குளோரைட் அந்தக் கிளையின் செல்களை நேரடியாகக் கெடுத்ததா என்பதையும் வெளியிலிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை இருந்தால் காத்திருக்கலாம்.

பட்டர்வொர்த் மாடிவீடு

சுரண்டினேன். நுனியில பழுப்பு, தண்டு சேர்ற இடத்துல ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை.

சுங்கை பாக்காப் ஐயா

பச்சைக்கு மேல வெட்டுங்க. கத்தரிக்கோல் கூரா இருக்கட்டும்.