நிறுத்தி வைத்த ஆட்டமும் போனைக் கொதிக்க வைக்குது: உங்களுக்கும் நடந்ததா?

கல்லடி
நான் செய்த கரம்போர்ட் கேமை மருமகனிடம் கொடுத்திருந்தேன். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சோறு தின்னப் போனவன் திரும்பி வந்து, "மாமா, போனைத் தொடவே ஏலாம இருக்கு" என்று நீட்டினான். வாங்கிப் பார்த்தால் திரையில் அசைவே இல்லை, 'தொடர்க' பொத்தான் மட்டும்தான். திரை அணையாமல் இருக்க நானே எழுதி வைத்திருந்ததால் அவன் தின்று முடிக்கும் வரை எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. யூனிட்டி போனில் தானாக 30 பிரேமில்தான் நிற்கும். காய் திக்கித் திக்கிப் போகுது என்று அதை 300 ஆக மாற்றியது நான்தான். அவனுடைய திரை 120 ஹெர்ட்ஸ், ஆகவே அசையாத படத்தை நொடிக்கு 120 தடவை வரைந்திருக்கிறது. இப்போது இப்படி:

```csharp
Application.targetFrameRate = paused ? 30 : 60;
```

நிந்தவூர்
இதெல்லாம் தேவையில்லை, விசிங்க் இருந்தால் போதும். நான் அதை மட்டும்தான் நம்புகிறேன், என் போனில் சூடே இல்லை.

கல்முனை
நிந்தவூர் தம்பி, உங்கள் திரை 60 ஹெர்ட்ஸாக இருக்கும், அதுதான் தப்பியிருக்கிறீர்கள். விசிங்க் திரையோடு சேர்ந்து ஓடும், 120 திரையில் 120 தான் ஓடும். நான் கோடோவில் செய்த ரேஸ் கேமில் பற்றரியை மிச்சம் பிடிக்க 45 என்று வைத்தேன், 60 ஹெர்ட்ஸ் திரையில் வண்டி நொண்டியது. சில படம் ஒரு சுற்று நிற்கிறது, சில படம் இரண்டு சுற்று நிற்கிறது. திரையின் எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கிற எண்ணாக எடுங்கள்: 60க்கு 30, 120க்கு 60, 40 அல்லது 30.

இன்னொன்று, 60 என்றால் ஒரு பிரேமுக்கு 16.6 மில்லிசெக்கன். 15இல் முடிகிறதே என்று விட்டால் சிப்புக்கு ஓய்வே இல்லை, 11 அளவில் முடிக்கப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் அளந்து முடிவெடுக்காதீர்கள். மத்தியானம், காற்றாடி போடாமல், இருபது நிமிடம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். நான் அப்படி அளந்தபோது 60இல் தொடங்கியது நாற்பதுக்கும் கீழே விழுந்தது, சூடு தாங்காமல் போனே வேகத்தைக் குறைக்கிறது. அதற்கு முழுக்க 30இல் ஓடுவது எவ்வளவோ மேல். ஆனால் அசைவைப் பிரேம் கணக்கில் எழுதியிருந்தால் 30இல் எல்லாம் பாதி வேகத்தில் ஊரும், நேரக் கணக்குக்கு மாற்றிவிட்டுக் குறையுங்கள்.

காத்தான்குடி
எனக்கும் இதேதான், சார்ஜில் போட்டுக்கொண்டு விளையாடினால் கொதிக்குது, பின் மூடியும் கொஞ்சம் எழும்பி நிற்குது. கேமில் 30 வைத்தால் சரியாகுமா?

கல்லடி
மூடி எழும்பினால் பற்றரி ஊதியிருக்கு தம்பி, அது பிரேமால் தீராது. இனிச் சார்ஜ் போடாமல் கடையில் காட்டி மாற்றுங்கள்.

கல்முனை அண்ணன், காய்கள் நின்ற பிறகு OnDemandRendering.renderFrameInterval ஐ 4 ஆக்கி, நாலு பிரேமுக்கு ஒரு தடவை மட்டும் வரைய விட்டுப் பார்த்தேன். சூடு நன்றாகக் குறைந்தது, ஆனால் ஸ்ட்ரைக்கரை இழுக்கும்போது விரலுக்குப் பின்னால்தான் வருகிறது என்கிறான் மருமகன். தொட்டவுடன் 1க்கு மாற்றுகிறேன், அப்படியும் முதல் இழுப்பு பிந்துது. நீங்கள் இதை எங்கே மாற்றுகிறீர்கள்?