சம்பளம் பத்தாந்தேதி, எஸ்ஐபி அஞ்சாந்தேதி: நம்ம பக்கத்து அனுபவங்கள்

நொய்யல்கரை அக்கா, திருப்பூர்

பனியன் கம்பெனி ஒண்ணுல சம்பளக் கணக்கு பார்க்கறது என் வேலைங்க. புதுசா சேர்ந்த ஊத்துக்குளிப் புள்ள ஒருத்தி போன மாசம் என் டேபிளுக்கு வந்து, "அக்கா, கம்பெனியில ஏதாச்சும் பிடிச்சீங்களா? கணக்குல 1,180 ரூபாய் குறையுது"ன்னு கேட்டா. கம்பெனி ஒண்ணும் பிடிக்கல. ஸ்டேட்மெண்டை எடுத்துட்டு வரச் சொல்லி, ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

ஆப்ல மூணு மியூச்சுவல் ஃபண்டுல ஃபண்டுக்கு 1,000 ரூபாய்னு எஸ்ஐபி போட்டிருக்கா. சிஸ்டமேட்டிக் இன்வெஸ்ட்மெண்ட் பிளான்னு பேரு, மாசாமாசம் சொன்ன தேதியில கணக்குல இருந்து அதே தொகை தானா ஃபண்டுக்குப் போயிரும். தேதி கேட்ட இடத்துல 5ன்னு தானா காட்டியிருக்கு, அப்படியே விட்டுட்டா. எங்க கம்பெனியில 7ல இருந்து 10க்குள்ளதான் சம்பளம் ஏறும். அஞ்சாந்தேதி அவ கணக்குல இருந்தது 1,400. முதல் ஃபண்டுக்கு 1,000 போயிருச்சு, மத்த ரெண்டும் பணம் பத்தாம திரும்பிருச்சு. திரும்புன ஒவ்வொண்ணுக்கும் அவ பேங்க்ல 500 ரூபாய், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 590. ரெண்டுக்கும் சேர்த்து 1,180. கணக்குல மிச்சம் இருந்த 400ஐ உடனே எடுத்துக்கிட்டு, பாக்கி 780ஐச் சம்பளம் ஏறுனதும் எடுத்திருக்காங்க. அதனாலதான் கம்பெனி பிடிச்சதாட்டம் தெரிஞ்சிருக்கு. ஃபண்டுல போய்ச் சேர்ந்தது 1,000, பேங்குக்குப் போனது அதை விட அதிகம்.

"அப்ப இதை நிறுத்திடறனுங்க்கா. மார்க்கெட்டும் இறங்கிக் கெடக்குது. தீவாளி நோம்பிக்குப் போனஸ் வந்தா மொத்தமாப் போட்டுக்கறேன்"ன்னா. அங்கதான் எனக்கு மனசு கேக்கல. தேதியில இருந்த கோளாறுக்கு எஸ்ஐபியையே நிறுத்தறது என்ன நியாயம்? ஒரு காகிதம் எடுத்து கணக்குப் போட்டுக் காட்டினேன்.

மாசம் 3,000 ஒரே ஃபண்டுல போகுதுன்னு வெச்சுக்குவோம். ஃபண்டுல நமக்கு வர்ற பங்கை யூனிட்னு சொல்வாங்க. முதல் மாசம் யூனிட் விலை 50, கிடைக்கறது 60 யூனிட். அடுத்த மாசம் விலை 40, கிடைக்கறது 75. மூணாவது மாசம் 30க்கு விழுது, 100 யூனிட் வருது. நாலாவது மாசம் மறுபடி 40, 75 யூனிட். போட்டது 12,000, கையில 310 யூனிட். 40 ரூபாய் விலைக்கு அதோட மதிப்பு 12,400. விலை இன்னும் 50க்குத் திரும்பவே இல்ல, ஆனாலும் 400 ரூபாய் மேல நிக்குது.

இப்ப ரெண்டாவது மாசமும் மூணாவது மாசமும் தவணை போகலைன்னு வெச்சுக்குங்க. பயந்து நிறுத்தினாலும் சரி, பணம் இல்லாம திரும்பினாலும் சரி. போட்டது 6,000. கிடைச்சது முதல் மாசத்து 60, நாலாவது மாசத்து 75, ஆக 135 யூனிட். மதிப்பு 5,400. அதே ஃபண்டு, அதே விலை, 600 ரூபாய் நட்டம். விலை குறைஞ்ச அந்த ரெண்டு மாசம் விட்டுப்போனதுதான் காரணம். எஸ்ஐபியில "சிஸ்டமேட்டிக்"ங்கற வார்த்தை செய்யற வேலை இதுதானுங்க. விலை என்னன்னு பார்க்காம அதே தொகை போகுறதால, விலை குறைஞ்ச மாசம் தானா அதிக யூனிட் வந்து விழுது.

அவளுக்குச் செஞ்சு கொடுத்தது ரெண்டே மாத்தம். மூணு ஃபண்டை ஒண்ணாக்கி 3,000க்கு ஒரே எஸ்ஐபி, தேதி 12. ஓடிட்டிருக்கற எஸ்ஐபியில அவ ஆப் தேதியை மாத்த விடல. பழசை ரத்து பண்ணிட்டுப் புதுசு போட்டோம். ஏற்கெனவே வாங்குன யூனிட் எல்லாம் பத்திரமா அப்படியே இருக்கு, அதைத் தொடவே இல்ல.

இந்த மாதிரி உங்க பக்கம் நடந்ததையும் சொல்லுங்க.

காந்திபுரம் மாப்ள

அக்கா, உங்க கணக்கு சரி. ஆனா விலையை உங்க வசதிக்கு எறக்கி ஏத்தியிருக்கீங்க. 50, 55, 60, 65ன்னு ஏறிட்டே போனா? 12,000ஐ முதல் மாசமே மொத்தமாப் போட்டவனுக்கு 240 யூனிட், எஸ்ஐபிக்காரனுக்கு அவ்வளவு வராது. நான் தேதியெல்லாம் வெக்கறதில்ல. பணத்தைச் சேர்த்து வெச்சு, மார்க்கெட் நல்லா விழுந்த அன்னிக்குப் போடுவேன். அதுவும் ஒரு முறைதானே?

நொய்யல்கரை அக்கா

ஏறுற மார்க்கெட்ல மொத்தமாப் போட்டவருக்குத்தான் அதிக லாபம், மறுக்கலைங்க தம்பி. ஆனா அந்தப் புள்ளகிட்ட முதல் மாசம் 12,000 இல்லையே. மாசத்துக்கு 3,000 மிச்சம் பிடிக்கறவகிட்ட அவ்வளவு சேர நாலு மாசம் ஆகும். கையில மொத்தமா இருக்கறவரோட கணக்கை மாசச் சம்பளக்காரங்க கூட ஒப்பிட முடியாது. விழுந்த அன்னிக்குப் போடுவேங்கறீங்க, எவ்வளவு விழுந்தா "நல்லா விழுந்தது"ன்னு முன்கூட்டியே எழுதி வெச்சிருக்கீங்களா?

பீளமேடு ஃபவுண்டரிக்காரன்

அந்தக் கேள்விக்கு 2020ல நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். ஜனவரியில பங்குச்சந்தைக் குறியீடு நிஃப்டி 12,300க்கு மேல இருந்துது. மார்ச்சுல 10,000க்கு வந்தப்ப எங்க ஷிஃப்டுல பாதிப் பேர் "இன்னும் விழும், பொறுங்க"ன்னாங்க. மார்ச் 23ஆம் தேதி 7,610ல முடிஞ்சுது. அப்பவும் அதையேதான் சொன்னாங்க. நவம்பர்ல மறுபடி 12,000ஐத் தாண்டிருச்சு. காத்திருந்தவங்க காத்திருந்தபடியே இருந்தாங்க.

ஆனா யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. மார்க்கெட் விழுந்த அதே நேரத்துலதான் எங்க ஃபவுண்டரியும் மூடிக் கெடந்துது. முதல்ல பாதிச் சம்பளம், அப்புறம் அதுவும் இல்ல. எங்கூட வேலை பார்த்த ஒருத்தருக்கு மூணு மாசம் தொடர்ந்து தவணை திரும்பி, எஸ்ஐபி தானா ரத்தாயிருச்சு. அவர் திரும்ப ஆரம்பிச்சது அடுத்த வருஷம். என்னோடது ஓடுச்சு. எனக்கு மார்க்கெட் அறிவு அதிகம்னு இல்லைங்க, ஆறு தவணைக்கான பணத்தைத் தனியா ஒரு சேமிப்புக் கணக்குல வெச்சு, எஸ்ஐபியையும் அந்தக் கணக்குலேயே இணைச்சிருந்தேன். சம்பளம் வந்தா அங்க போகும், வராட்டியும் தவணை நிக்காது.

நம்மூர்ல பம்பு, பனியன், தறி எல்லாம் ஆர்டரை நம்பித்தான் ஓடுது. ஊரே படுக்கறப்ப மார்க்கெட்டும் படுத்திருக்கலாம். யூனிட் மலிவா கிடைக்கற மாசமும் சம்பளம் நிக்கற மாசமும் ஒண்ணாவே வந்துரலாம். தனியா எடுத்து வெச்ச அந்தப் பணம் இல்லாம அக்கா போட்ட கணக்கு காகிதத்துலதான் நிக்கும். வேலையே போயிருச்சுன்னா அந்தப் பணம் முதல்ல அரிசிக்கும் வாடகைக்கும். அப்ப எஸ்ஐபியை நாமளே நிறுத்திடறதுதான் சரி.

காந்திபுரம் மாப்ள

2020 திரும்பி வந்த வேகம் எல்லாத் தடவையும் வராதுங்க. ரெண்டு மூணு வருஷம் கெடையா கெடந்தா உங்க சராசரி விலைக்கும் கீழதான் நிக்கும். நான் என் முறையை விடறதா இல்ல, ஆனா எவ்வளவு விழுந்தா போடறதுன்னு எழுதி வெக்கறேன்.

வங்கியில இருந்து ஓய்வு பெற்றவன், ஈரோடு

கவுண்டர்ல இருந்து பார்த்ததைச் சொல்றேன். தவணை திரும்பினா ஃபண்டுக்காரங்க அபராதம் போடறதில்ல. பணம் பிடிக்கறது பேங்க்தான், தொகை பேங்குக்குப் பேங்க் மாறும். எஸ்ஐபி கடன் இல்லைங்கறதால கிரெடிட் ஸ்கோர் இதால இறங்காது. ஆனா வீட்டுக்கடனுக்கு ஸ்டேட்மெண்ட் கேட்கறப்ப, மாசாமாசம் ரிட்டர்ன் சார்ஜ்னு பதிவு தெரிஞ்சா அதிகாரி கட்டாயம் கேட்பார். நானே கேட்டிருக்கேன்.

இன்னொண்ணு, தேதியன்னிக்குக் காலையில பணம் போடலாம்னு இருக்காதீங்க. டெபிட் ஃபைல் விடியறப்பவே ஓடிரும். முந்தின நாளே கணக்குல இருக்கோணும். நிறுத்தறதா இருந்தாலும் நாலைஞ்சு வேலை நாளைக்கு முன்னமே ரத்து கொடுத்திருக்கோணும். முந்தின நாள் சாயங்காலம் ஆப்ல ரத்துன்னு காட்டியும் காலையில பணம் போயிருச்சுன்னு சண்டைக்கு வந்தவங்க நிறையப் பேர்.

பொள்ளாச்சி அப்பா

ஏனுங்க, நானும் எஸ்ஐபி போட்டிருக்கறனுங்க. மாசம் 5,000. ஆப்ல 12 சதவீத வட்டின்னு காட்டுது. பொண்ணுக்கு வர்ற தை கழிஞ்சு அடுத்த தையில கல்யாணம். அந்த 12 சதவீதம் பேங்க்ல கையெழுத்துப் போட்டுத் தருவாங்களா?

வங்கியில இருந்து ஓய்வு பெற்றவன், ஈரோடு

அய்யா, அது வட்டியே இல்லைங்க, ஒரு அனுமானம்தான். ஆப்ல அது இருக்கற பெட்டியில 12ஐ அழிச்சுட்டு 20ன்னு போட்டாலும் அதுக்குத் தக்கன கணக்கு காட்டும். யாரும் கையெழுத்துப் போடமாட்டாங்க. கல்யாணத் தேதி தெரிஞ்ச பணத்தைப் பங்கு ஃபண்டுல வெக்காதீங்க. கல்யாணத்துக்கு முந்தின மாசம் மார்க்கெட் விழுந்தா மண்டபக்காரர் காத்திருப்பாரா? பல பங்கு ஃபண்டுல ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா 1 சதவீதம் பிடிப்பாங்க. ஒவ்வொரு தவணைக்கும் அந்த ஒரு வருஷம் தனித்தனியா ஓடும், கடைசித் தவணைகள் அதுல மாட்டும். இனி போற 5,000ஐ ஆர்டியில போடுங்க. ஏற்கெனவே போனதை என்ன பண்றதுன்னு ஃபண்டு பேர் தெரியாம சொல்லமாட்டேன்.

பொள்ளாச்சி அப்பா

பையன்தான் போட்டுக்குடுத்தான். அவனைக் கேட்டு ஃபண்டு பேர் சொல்றனுங்க. சீட்டே நல்லா இருந்துச்சோன்னு இருக்குது.

பெருமாநல்லூர் டெய்லர்

எனக்குப் பீஸ் ரேட்டுங்க, சனிக்கிழமை சனிக்கிழமை வாரச் சம்பளம். ஒரு வாரம் 4,500 வரும், ஆர்டர் இல்லாத வாரம் 1,500 வரும். தேதி, தொகைன்னு கட்டி வெச்சா எனக்கு எப்படி ஒத்து வரும்? வாரா வாரம் போற எஸ்ஐபி இருக்குதாமா, அதைப் போட்டுக்கலாங்களா?

நொய்யல்கரை அக்கா

வார எஸ்ஐபி இருக்குதுங்க அண்ணா. ஆனா மாசத்துக்கு நாலு தடவை டெபிட் வரும், ஆர்டர் இல்லாத வாரம் திரும்பினா ஒவ்வொண்ணுக்கும் சார்ஜ். உங்க மோசமான மாசத்துல எவ்வளவு மிச்சமாகுதோ அந்தத் தொகைக்கு மாசம் ஒரே எஸ்ஐபி போடுங்க. நல்ல வாரத்துல கூட மிஞ்சுனதை அதே ஃபண்டுல அப்பப்ப தனியாச் சேர்த்துக்கலாம்.

பீளமேடு ஃபவுண்டரிக்காரன்

நான் ஒத்துக்கமாட்டேங்க அக்கா. மோசமான மாசத்துல 500 ரூபாய்தான் மிஞ்சும்னா 500க்கே எஸ்ஐபி நின்னு போகும். மிஞ்சுனதைத் தனியாப் போடறது எத்தனை பேர் செய்வாங்க? தனிக் கணக்குல ஆறு தவணை சேர்றவரைக்கும் அண்ணன் எஸ்ஐபியே ஆரம்பிக்க வேண்டாம். சேர்ந்த பொறவு, வருஷக் கூலியைப் பன்னெண்டால வகுத்து, அதுல தாங்கற தொகைக்கு மாச எஸ்ஐபி வெக்கட்டும்.

பெருமாநல்லூர் டெய்லர்

ரெண்டு பேர் சொல்றதும் புரியுதுங்க. என் கணக்குல மினிமம் பேலன்ஸ் வேற வெக்கோணும். திங்கக்கிழமை பேங்குக்குப் போய், மினிமம் பேலன்ஸ் இல்லாத இன்னொரு கணக்கு ஆரம்பிக்க முடியுமான்னும், ஒரு தவணை திரும்பினா எவ்வளவு பிடிப்பாங்கன்னும் கேட்டுட்டு வந்து எழுதறேன்.