'பிளோ-ஆஃப்' என்பதற்கு எந்தச் சொல்?

செல்வி:
வணக்கம். உறிஞ்சு கிண்ணங்களால் மெல்லிய பிளாஸ்டிக் மூடிகளைத் தூக்கி வைக்கும் இயந்திரத்துக்குத் தமிழில் இயக்கக் குறிப்பு எழுதுகிறேன். மூடியை விடும்போது கிண்ணத்துக்குள் சிறிது காற்று செலுத்தப்படுகிறது அல்லவா, அந்த 'பிளோ-ஆஃப்' என்பதற்கு 'ஊதித்தள்ளல்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துகிறதா?

கதிரவன்:
'தள்ளல்' வேண்டாம், செல்வி. மூடி ஒட்டிக்கொண்டால் இன்னும் பலமாக ஊத வேண்டும் என்றே இயக்குபவர் நினைப்பார். குழாயில் தங்கிய வெற்றிடத்தைத் தீர்ப்பதுதான் அந்தக் காற்றின் வேலை. எங்கள் இயந்திரத்தில் ஊதும் நேரம் 300 மில்லிநொடியாக இருந்தபோது மூடிகள் கோணலாக உட்கார்ந்தன. 80 ஆகக் குறைத்ததும் கோணல் நின்றது. ஆனால் சிலவேளை கை உயரும்போது மூடியும் கூடவே எழும்பியது. வால்விலிருந்து கிண்ணம் வரை 2 மீட்டர் குழாய். காற்று போய்ச் சேர்ந்து வெற்றிடத்தை நிரப்புவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. வால்வைக் கிண்ணத்தின் அருகே மாற்றிய பிறகு அதே 80 போதுமானதாயிற்று. என் பரிந்துரை 'ஊதி விடுவித்தல்'.

முருகேசன்:
நேரத்தை ஏன் எண்ண வேண்டும்? வெற்றிடம் தீர்ந்தது என்று அழுத்த ஸ்விட்ச் சொன்னதும் கை உயரட்டும். 'வெற்றிட முறிப்பு' என்றால் போதும்.

கதிரவன்:
ஸ்விட்சைக் கேட்க வேண்டும் என்பது சரி, ஐயா. ஆனால் அது வால்வை ஒட்டி இருந்தால், ஊதத் தொடங்கியதுமே அங்கே வெற்றிடம் தீர்ந்துவிடும். கிண்ணத்தில் உறிஞ்சல் மிச்சமிருக்கும். ஆகவே சைகை வந்த பிறகும் சிறிது தாமதம் தேவை. வெளிக்காற்றைத் தானாக நுழையவிட்டாலும் வெற்றிடம் முறியும். அழுத்தக் காற்றால் ஊதுவது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

ரஹீம்:
எங்கள் இயந்திரம் கிண்ணத்தில் எதுவும் இல்லாதபோதே 'பொருள் உண்டு' என்று காட்டுகிறது. ஊதலைக் கூட்டினால் சரியாகுமா?

கதிரவன்:
அது ஊதலின் கோளாறு அன்று, ரஹீம். உறிஞ்சலைப் போட்டு, கிண்ணத்தை வெறுங்காற்றில் நிறுத்தி, ஸ்விட்சின் அளவைப் பாருங்கள். சீரான குழாயில் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். 'பொருள் உண்டு' என்பதற்கு வைத்த எல்லை −60 கிலோபாஸ்கல் என்றால், வெறுங்காற்றிலேயே அதைத் தொடும்போது ஸ்விட்சுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஏதோ அடைத்திருக்கிறது. முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். எல்லையை உயர்த்திச் சமாளிக்காதீர்கள். நல்ல பிடிப்பையும் அது மறுக்கத் தொடங்கும்.

செல்வி:
'ஊதி விடுவித்தல்' என்றே எழுதுகிறேன். ஆனால் ரஹீம் சொன்னது இன்னொன்றைக் கிளப்புகிறது. ஸ்விட்ச் பொருளைப் பார்ப்பதில்லை, வெற்றிடத்தைத்தான் பார்க்கிறது. கிண்ணம் வெறும் மேசையில் அழுந்தினாலும் விளக்கு எரியும். திரையில் 'பொருள் உண்டு' என்பதை 'பிடித்தது' என்று மாற்றலாமா?

முருகேசன்:
வேண்டாம். இயக்குபவருக்குத் தெரிய வேண்டியது பொருள் இருக்கிறதா என்பதுதான்.

கதிரவன்:
நான் செல்வியின் பக்கம். மேசையைப் பிடித்தாலும் 'பிடித்தது' பொய்யாகாது.