"முழு லாப நட்டப் பொறுப்பு" என்று விளம்பரத்தில் போடலாமா?

வரைவு: செயல்பாட்டுத் தலைவர் பதவிக்கு விளம்பரம் எழுதுகிறேன். 'முழு லாப நட்டப் பொறுப்பு' என்று போட்டால்தான் பெரிய ஆள் வருவார் என்கிறார் எங்கள் இயக்குநர். போடலாமா?

ஆள்தேடி: விற்பனை விலையை யார் முடிவு செய்கிறார்? இயக்குநர் என்றால் அது வெறும் செலவுப் பொறுப்பு. அந்த வரியை எடுங்கள்.

கண்டிப்பு: வாத்தியார் வந்துவிட்டார். விளம்பரம் ஆளை இழுக்கத்தான். மற்றதை நேர்காணலில் பேசிக்கொள்ளலாம். '15 ஆண்டு அனுபவம்' என்று போட்டால் தானாக வடிகட்டும்.

ஆள்தேடி: 15 ஆண்டும் எட்டுப் பேரை மட்டும் நடத்தியவர் அதில் தாராளமாகத் தேறுவார். பொறுப்பின் அளவைச் சொன்னால்தான் வடிகட்டும்.

வரைவு: விலை இயக்குநர் கையில்தான். 3 ஆலை, 140 பேர், நேரடியாக 5 மேலாளர்கள். ஒரு ஆலை நட்டத்தில் இருக்கிறது.

ஆள்தேடி: அதையே எழுதுங்கள்: "3 ஆலைகள், 140 பேர், 5 மேலாளர்கள் உங்கள் கீழ். உற்பத்திச் செலவு, தரம், சரக்கு நேரத்துக்குப் போவது உங்கள் பொறுப்பு. அனுமதித்த எண்ணிக்கைக்குள் ஆளெடுப்பது உங்கள் முடிவு. விலையும் புது இயந்திரமும் இயக்குநர் முடிவு. நட்டத்தில் உள்ள ஆலையை மீட்பதா மூடுவதா என்று முதல் 12 மாதத்துக்குள் பரிந்துரைக்க வேண்டும்."

கண்டிப்பு: மூடப்போகிறோம் என்று ஊருக்கே தண்டோராவா? அந்த ஆலைத் தொழிலாளியும் படிப்பார், போட்டியாளரும் படிப்பார்.

ஆள்தேடி: 'ஒரு ஆலையைச் சீரமைக்க வேண்டும்' என்று மட்டும் போட்டுவிட்டு, நட்டக் கணக்கை இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் ரகசிய ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். விலை இயக்குநர் முடிவு என்ற வரி மட்டும் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும்.

புதுவேலை: 'முழு லாப நட்டப் பொறுப்பு' என்று போட்ட ஒரு விளம்பரத்தை நம்பி நான் சேர்ந்தேன். மூலப்பொருள் விலை ஏறியதும் பெரிய வாடிக்கையாளருக்குப் புது விலை அனுப்பினேன். முதலாளி தொலைபேசியிலேயே பழைய விலைக்கு ஒத்துக்கொண்டார். காலாண்டு முடிவில் நட்டம் மட்டும் என் கணக்கில்.

கண்டிப்பு: சேரும் முன் கேட்டிருக்க வேண்டும்.

புதுவேலை: கேட்டேன். "விளம்பரத்திலேயே இருக்கிறதே" என்றார்கள்.

நேர்கோடு: சம்பளத்தைப் போடாத விளம்பரத்துக்கு இவ்வளவு பேச்சா?

கண்டிப்பு: இந்த மட்டத்தில் சம்பளத்தை யார் போடுகிறார்கள்?

நேர்கோடு: போடாதவர்கள்தான் பேரத்தில் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள்.

ஆள்தேடி: சம்பளத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி விலை யார் கையில் என்பது.

கண்டிப்பு: பதவிப் பெயர் விவாதத்திலும் இப்படித்தான், நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வரைவு: இயக்குநரிடம் காட்டினேன். விலை வரி பதவியைச் சின்னதாகக் காட்டுகிறதாம்.

ஆள்தேடி: பதவி அந்த அளவுதான். பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் விலை முடிவையும் வருபவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கண்டிப்பு: வருவதற்கு முன்பே சாவியைக் கேட்கிறார். இந்த வரியைப் பார்த்து ஒருவர்கூட விண்ணப்பிக்க மாட்டார்.

புதுவேலை: நான் விண்ணப்பித்திருப்பேன்.