அரணா, நிரையா, பொறுப்பா? உள்தணிக்கைக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

வளர்மதி:
அனைவருக்கும் வணக்கம். நகர்ப்புறக் கூட்டுறவு வங்கிக் கிளைப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு நிறுவனத்தில் இடரைக் கவனிக்கும் வேலையை மூன்றாகப் பிரிக்கும் 'த்ரீ லைன்ஸ் மாடல்' என்பதற்குச் சொல் வேண்டும். பழைய பதிப்பில் 'மூன்று பாதுகாப்பு அரண்கள்' என்று இருக்கிறது. கிளையும் கடன் பிரிவும் முதலாவது, இடர் மேலாண்மையும், விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் இணக்கப் பிரிவும் இரண்டாவது, உள்தணிக்கை மூன்றாவது. அதையே விட்டுவிடலாமா?

புலவர் அரங்கநாதன்:
தாராளமாக விடலாம் அம்மா. மூன்று, அரண் இரண்டும் சேர்ந்தால் மூவரண். மூவேந்தர் போல இயல்பான புணர்ச்சி. வள்ளுவர் நீர், மண், மலை, காடு என நான்கு அரண் சொன்னார், வங்கிக்கு மூன்று போதும். படைவகுப்பிலிருந்து எடுப்பதானால் இன்னும் நயம்: முன்னே செல்வது தூசி, பின்னே நின்று தாங்குவது கூழை. தணிக்கையைக் கூழை என்றே சொல்லலாம். 'பாதுகாப்பு அரண்' மட்டும் வேண்டாம், அரண் என்றாலே பாதுகாப்புதான்.

சுப்பிரமணியன்:
புலவர் ஐயாவின் புணர்ச்சியில் குறையில்லை, பொருளில்தான் சிக்கல். சர்வதேச உள்தணிக்கையாளர் கழகம் 2013-இல் வெளியிட்ட அறிக்கையில் 'பாதுகாப்பு' என்ற சொல் இருந்தது. 2020 ஜூலையில் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். அரண் என்றவுடன் பகைவன் முதல் மதிலைத் தாண்டினால் இரண்டாவது தடுக்கும், அதையும் தாண்டினால் மூன்றாவது என்ற படம் மனதில் விழும். கிளை மேலாளர் 'எப்படியும் பின்னால் தணிக்கை பார்க்கும்' என்று கையெழுத்துப் போடுவது அந்தப் படத்தால்தான்.

நகைக்கடனை எடுத்துப் பாருங்கள். 40 கிராம் சங்கிலி வருகிறது. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் 3 கிராம் கழித்து 37 என்று எழுதுகிறார். கிராம் 6,000 ரூபாய் என்று வைத்தால் மதிப்பு 2,22,000. முக்கால் பங்கு வரை கடன் என்றால் 1,66,500. எடை, தரம், வாடிக்கையாளர் எதிரே நின்றாரா, பையை இருவர் சாவியில் வைத்தார்களா, எல்லாம் கிளையின் பொறுப்பு. அந்த இடர் அவர்களுடையது.

இடர் பிரிவு நகையைத் தொடுவதில்லை. கிராமுக்கு என்ன விலை, எவ்வளவு பங்கு கடன் என்ற விதியை வகுக்கிறது. தங்கம் இறங்கும்போது எந்தக் கடன்கள் வரம்பைத் தாண்டின என்று பார்க்கிறது. ஒரு கிளையில் கழிவு எடை எப்போதும் ஒரு கிராமுக்குள்ளேயே வந்தால் 'ஏன்?' என்று கேட்கிறது. கேட்பதும் துணை நிற்பதும் அதன் வேலை, கடனை நடத்துவது அல்ல.

உள்தணிக்கை வேறொரு மதிப்பீட்டாளரைக் கூட்டிப்போய்ச் சில பைகளைப் பிரித்துப் பார்க்கிறது. கூடவே இடர் பிரிவு விலையை உரிய நேரத்தில் மாற்றியதா, அந்த 'ஏன்?' என்ற கேள்வியைக் கேட்டதா என்பதையும் பார்க்கிறது. இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவிடம் நேரே சொல்கிறது. மூவரும் ஒரே காலத்தில் வேலை செய்கிறார்கள். ஒருவர் தோற்ற பிறகு அடுத்தவர் வருவதில்லை. ஆகவே மூவரண் வேண்டாம்.

ரஞ்சனி, யாழ்ப்பாணம்:
எங்களிடம் உள்ளகக் கணக்காய்வு, இடர்நேர்வு முகாமைத்துவம் என்றுதான் புழக்கம். 'தணிக்கை' என்றால் இங்கே முதலில் படத்தணிக்கைதான் நினைவுக்கு வரும். கணக்காய்வு என்றால் சொல்லிலேயே வேலை தெரிகிறதே?

புலவர் அரங்கநாதன்:
தணிக்கை நல்ல தமிழ் அம்மா. தணி என்ற வேரிலிருந்து வந்தது. பிழையின் சூட்டைத் தணிப்பது தணிக்கை.

சுப்பிரமணியன்:
ஐயா, தெலுங்கில் தனிகீ, கன்னடத்தில் தனிகெ என்று சோதனைப் பொருளிலேயே வழங்குகிறதே. மூன்றும் அரசவை உருதுவழி வந்தவையாகவே தெரிகிறது. அதனால் அதை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிளையில் இருப்பவருக்குத் தெரிந்த சொல் அதுதான். ரஞ்சனி சொன்ன 'கணக்காய்வு' அழகு, ஆனால் இன்றைய உள்தணிக்கையில் கணக்கு ஒரு பகுதிதான். மேலே சொன்ன நகைப்பையில் ஏது கணக்கு?

முருகேசன்:
எங்கள் வங்கியில், நடவடிக்கைகளை உடனுக்குடன் சோதிக்கும் உடன்நிகழ் தணிக்கை மாதாமாதம் நடக்கிறது. அதற்கும் சேர்த்து நான்காவது அரண் என்று போட்டுவிடலாம். வங்கி மேற்பார்வை நெறிகளை வகுக்கும் பேசல் குழுவே நான்கு என்று சொல்லியிருப்பதாகப் படித்தேன்.

சுப்பிரமணியன்:
நான்கு என்பது 2015-இல் பேசலில் உள்ள நிதி நிலைத்தன்மை நிறுவனம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வந்த யோசனை. அங்கே நான்காவது என்றது வெளித்தணிக்கையாளரையும் மேற்பார்வை அமைப்பையும். உடன்நிகழ் தணிக்கை அதில் இல்லை. உங்கள் கேள்வி நல்லது, ஆனால் பெயரில் தணிக்கை என்று இருப்பதால் அது மூன்றாவதில் சேர்ந்துவிடாது. பணம் விடுவிக்கும் முன் உடன்நிகழ் தணிக்கையாளர் ஒப்பம் வேண்டும் என்று வைத்திருந்தால் அவர் முதலாவதான கிளையின் வேலையைச் செய்கிறார். நடந்த பிறகு மாதிரி எடுத்துப் பார்த்தால் வேறு கதை.

நகையிலும் இதே கோளாறு நடக்கும். மாதாந்திர மறுமதிப்பீட்டை உள்தணிக்கை செய்து கையெழுத்திடும் என்று எங்காவது முடிவு செய்வார்கள். ஆறே மாதத்தில் கிளை அதன் மேல் சாய்ந்துவிடும். பிறகு போலி நகை கிடைத்தால், தன் கையெழுத்தைத் தானே சோதிக்கும் நிலை தணிக்கைக்கு. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தணிக்கை அறிக்கையில் 'சரிசெய்ய வேண்டியவர்' என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே தணிக்கைப் பிரிவின் பெயரே வந்தால் வேலை தடம் மாறிவிட்டது.

முருகேசன்:
எங்களிடம் ஒப்பம் முன்கூட்டியேதான் வாங்குகிறோம்.

வளர்மதி:
ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் 500 கோடி ரூபாயோ அதற்கு மேலோ சொத்துள்ள நகர்ப்புறக் கூட்டுறவு வங்கிகளுக்கு இடர் அடிப்படையிலான உள்தணிக்கையைக் கட்டாயமாக்கியதால்தான் இந்தக் கையேடே வருகிறது. ஆகவே பிரிவினை தெளிவாகத் தெரிய வேண்டும். அரண் இல்லையென்றால் வரிசையா? முவ்வரிசை?

புலவர் அரங்கநாதன்:
வரிசை என்றால் மக்கள் ஒருவர் பின் ஒருவர் நிற்பது. சுப்பிரமணியன் அரணில் கண்ட குறை இதிலும் உண்டு. முந்நிரை என்று வையுங்கள். முந்நூறு, முந்நீர் போல. நிரை அருகருகே நிற்பதையும் குறிக்கும்.

ரஞ்சனி:
முந்நிரையைக் கண்டதும் கிளைப் பணியாளருக்கு நேர்நிரை அசைதான் நினைவு வரும், அதுவும் பள்ளியில் தமிழ் ஒழுங்காகப் படித்திருந்தால். 'மூன்று நிலை' என்றால் என்ன?

சுப்பிரமணியன்:
நிலை என்றால் மேல் கீழ் என்று ஆகிவிடும். தணிக்கை மேல்நிலை, கிளை கீழ்நிலை. 2020 திருத்தத்தில் முதலும் இரண்டும் மேலாண்மைக்குள்ளேயே அடங்கும். இடர் பிரிவு கிளைக்கு மேலதிகாரி அல்ல. சிறிய வங்கியில் அந்த இரண்டு வேலையும் ஒருவரிடம் இருக்கக்கூடும். தணிக்கை மட்டும் மேலாண்மையிலிருந்து விலகி நிற்க வேண்டும். பிரிப்பது ஆட்களை அல்ல, வேலையை. 'மூன்று பொறுப்பு மாதிரி' என்பது என் வாக்கு. முதல் பொறுப்பு, இரண்டாம் பொறுப்பு, மூன்றாம் பொறுப்பு. கவர்ச்சி இல்லை, ஆனால் யார் எதற்குப் பொறுப்பு என்ற கேள்வியைச் சொல்லே கேட்கிறது.

ரஞ்சனி:
'லைன்' போய்விட்டதே. மூலத்தில் தேடுபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

வளர்மதி:
அது மெய்யான குறை. முதல் பக்கத்தில் 'த்ரீ லைன்ஸ்' என்று ஒருமுறை தமிழ் எழுத்திலேயே கொடுத்துவிட்டு, பிறகு மூன்று பொறுப்பு என்று போகிறேன். தணிக்கை என்பதே இருக்கட்டும். நகைக்கடன் எடுத்துக்காட்டை சுப்பிரமணியன் ஐயா எழுதியபடியே சேர்க்கிறேன், அந்த அறிக்கைப் பத்தியோடு. 2024 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சுட்டிய குறைகளில் வாடிக்கையாளர் இல்லாமல் நகை மதிப்பிடுவதும் ஒன்று. அதை முதல் பொறுப்பின் கீழ் வைக்கிறேன். ஐயா, ஒப்புக்கொள்வீர்களா?

புலவர் அரங்கநாதன்:
எடுத்துக்காட்டை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். சொல்லை இல்லை. பொறுப்பு என்பது எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும், இதற்கென்று தனியாக நிற்காது. அடுத்த பதிப்பில் முந்நிரையை அடைப்புக்குறிக்குள்ளாவது கேட்பேன்.

முருகேசன்:
முன்கூட்டி ஒப்பம் வாங்கும் நடைமுறை பற்றிக் கையேட்டில் ஒரு வரி வருமா? அதை யாரிடம் மாற்றச் சொல்வது, மேலாளரிடமா, தணிக்கைக் குழுவிடமா?