'டாப்-அப் டாக்ஸ்': தமிழில் என்ன போடலாம்?

செல்வி:
வணக்கம். பி.காம். மாணவர்களுக்கான பன்னாட்டு வரிப் பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். 15 விழுக்காடு குறைந்தபட்ச கம்பெனி வரிப் பகுதியில் 'டாப்-அப் டாக்ஸ்' வருகிறது. 'கூடுதல் வரி' போதுமா?

கதிர்:
தாராளமாக. எல்லா நாடும் வரியை 15-க்கு ஏற்ற வேண்டும் என்பதுதானே 2021-இல் நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தம்? ஏற்றினால் கூடுதல்தான்.

பாஸ்கர்:
அங்கேதான் இடிக்கிறது, கதிர். வீதத்தை ஏற்றச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அயர்லாந்தின் பொது வீதம் 12.5-லேயே இருக்கிறது. ஒரு ஜெர்மன் குழுமத்தின் துணை நிறுவனம் அங்கே 10 கோடி யூரோ லாபம் பார்த்து 1.25 கோடி வரி கட்டுகிறது என்று வையுங்கள். 15-க்கு இன்னும் 2.5 விழுக்காடு குறைகிறது. அங்குள்ள சம்பளம், கட்டடம், இயந்திரத்துக்கு ஒரு கழிவு உண்டு. அது 2 கோடி என்றால், மீதி 8 கோடிக்கு 2.5 விழுக்காடு, அதாவது 20 லட்சம் யூரோ. அயர்லாந்து வாங்காமல் விட்டால் ஜெர்மனி வாங்கிக்கொள்ளும். எதற்கு விட வேண்டும் என்று, 2024 முதல் தானே வாங்கிக்கொள்ள அயர்லாந்து சட்டம் போட்டுவிட்டது. வீதத்தைக் குறைத்து ஆள் பிடித்தால், விட்டுக்கொடுத்த பணம் அடுத்த நாட்டுக் கஜானாவுக்குப் போகும். சூட்சுமம் அவ்வளவுதான்.

'கூடுதல் வரி' சர்சார்ஜுக்குப் புழங்குகிற சொல். இது குறைந்ததை நிரப்புவது. என் ஓட்டு 'நிரப்பு வரி'.

இராமநாதன்:
ஐயகோ! 'கொன்றது போலும் நிரப்பு' என்கிறாரே வள்ளுவர். நிரப்பு என்றால் வறுமை. வறுமை வரியா? 'வரி'யையும் விட்டு 'இறை' என்போம்: 'குறைதீர் இறை'. 'உல்கு' என்ற அருஞ்சொல்லையும் மீட்கலாம். சுங்கம் தவிர்த்த குலோத்துங்கன் காலத்தில்...

மேரி:
ஐயா, 'குறைதீர் இறை' என்றால் என் மாணவர்கள் கோயிலுக்குப் போய்விடுவார்கள்.

சுப்பு:
திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். எனக்கும் வருமா? ஆடிட்டர் மூச்சே விடவில்லையே.

பாஸ்கர்:
குழுமத்தின் ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தொட்டால்தான், அண்ணே. நிம்மதியாகத் தூங்குங்கள்.

மேரி:
செல்வி, நாடுகளுக்குள் வரிப் போட்டி ஒழிந்தது என்று மட்டும் பாடத்தில் எழுதிவிடாதீர்கள். 10 கோடி லாபத்துக்கு 1.5 கோடி வரி. அதில் 20 லட்சத்தைத் தள்ளுபடி செய்தால் 13 விழுக்காடாகிவிடும். அதே 20 லட்சத்தை, வரி பாக்கி இல்லாவிட்டாலும் ரொக்கமாகக் கிடைக்கும் சலுகையாகக் கொடுத்தால், விதிப்படி அது வருமானத்தில் சேரும். 10.2 கோடிக்கு 1.5 கோடி என்றால் 14.7. கம்பெனிக்குக் கிடைப்பது ஒரே தொகை, கணக்கில் மட்டும் இவ்வளவு வித்தியாசம். வசதியுள்ள நாடுகள் இந்த வழியில் போகின்றன. ஏழை நாட்டுக்கு ரொக்கம் கொடுக்க ஏது பணம்?

கதிர்:
அப்படியானால் பேசாமல் 'டாப்-அப் வரி' என்றே போடுங்கள். செல்போன் வைத்திருக்கிற எவனுக்கும் புரியும்.

செல்வி:
நேரமில்லை. நான்கு பேர் தனிமடலில் ஒத்துக்கொண்ட 'குறைநிரப்பு வரி'யைப் போட்டு அனுப்புகிறேன்.

இராமநாதன்:
குறையும் வறுமையும் ஒரே சொல்லில்! என் மறுப்பைப் பதிவு செய்க. குலோத்துங்கன் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.